300 எம்பிபிஎஸ் பிளான்... ஸ்பீடு டெஸ்ட்டில் 36 தானா? தூரத்து சர்வர் செய்யும் வேலை இதுதான்!

மாதாமாதம் பணம் கட்டுவது 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு. ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தால் 36 காட்டுகிறது. உடனே கஸ்டமர் கேருக்கு போன், வீட்டுக்கு ஆள் வருகிறார், அவர் கையில் இருக்கும் போனில் டெஸ்ட் போடுகிறார், 290 வருகிறது. "லைன்ல ஒண்ணும் பிரச்னை இல்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். யார் சொல்வது உண்மை?

பல நேரங்களில் இரண்டுமே உண்மைதான். இரண்டு டெஸ்ட்டும் வேறு வேறு சர்வருடன் நடந்திருக்கும். ஒன்று அதே ஊரில் இருக்கும் சர்வர், இன்னொன்று கடல் தாண்டி இருக்கும் சர்வர். லைன் ஒன்றுதான், ஆனால் அளக்கப்பட்ட பாதை வேறு.

வேகத்துக்கும் தூரத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஃபைபர் கேபிளுக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேட்க பெரிய வேகமாகத் தெரியும். ஆனால், சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் 'ஐ2ஐ' கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்பி வர 6,400 கிலோமீட்டர். அதற்கே 32 மில்லி செகண்ட் ஆகிவிடும். நடுவில் இருக்கும் கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 40ஐ நெருங்கும். நியூயார்க் என்றால் 200 மில்லி செகண்டைத் தாண்டுவது சாதாரணம். ஸ்பீடு டெஸ்ட்டில் 'Ping' என்று காட்டுவது இந்தப் போய்வரும் நேரத்தைத்தான்.

சரி, தாமதமாகப் போய்ச் சேரட்டும், வேகம் ஏன் குறைய வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலான டவுன்லோடுகள் 'டிசிபி' என்ற முறையில் நடக்கின்றன. இதில் சர்வர் மொத்த ஃபைலையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாது. ஒரு அளவு டேட்டாவை அனுப்பும். "வந்துடுச்சு" என்று உங்கள் போன் பதில் சொன்னால்தான் அடுத்ததை அனுப்பும். பதில் வராமல் ஒரே நேரத்தில் வழியில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்படும் இந்த அளவுக்கு 'விண்டோ' என்று பெயர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விண்டோ 1 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் 8 மெகாபிட் வந்து சேரும். சென்னையில் இருப்பவருக்குச் சென்னை சர்வர் 5 மில்லி செகண்டில் பதில் தருகிறது என்றால், ஒரு நொடிக்கு 200 சுற்று. கணக்குப்படி 1,600 எம்பிபிஎஸ் வரை போகலாம். பிளான் 300 என்பதால் அங்கே நிற்கும். அதே 1 எம்பி விண்டோவில் சிங்கப்பூர் சர்வர், 40 மில்லி செகண்ட் என்றால், நொடிக்கு 25 சுற்று, 200 எம்பிபிஎஸ். நியூயார்க் சர்வர், 220 மில்லி செகண்ட் என்றால் நொடிக்கு நாலரை சுற்றுதான். நாலரை பெருக்கல் எட்டு, 36 எம்பிபிஎஸ்.

அந்த 36 வந்த வழி இதுதான். லைனில் 300க்கு இடம் இருக்கிறது. ஆனால், பதிலுக்குக் காத்திருந்தே மிச்ச நேரம் வீணாகிறது.

இப்போதைய போன்களும் கம்ப்யூட்டர்களும் இந்த விண்டோவைத் தேவைக்கேற்பத் தாமாகவே பெரிதாக்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால், அதற்கும் சுற்றுக் கணக்குதான். வழக்கமாக ஒரு இணைப்பு 10 பாக்கெட்டில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பாகும். 300 எம்பிபிஎஸ் லைனை நியூயார்க் வரை நிரப்ப 8 எம்பிக்கு மேல் டேட்டா வழியில் இருக்க வேண்டும். அந்த அளவுக்கு வளர 9, 10 சுற்று, ஏறக்குறைய 2 நொடி. பக்கத்துச் சர்வருக்கு இது கண்ணிமைக்கும் வேலை. பத்துப் பதினைந்து நொடி மட்டுமே ஓடும் ஒரு டெஸ்ட்டில் 2 நொடி என்பது சின்ன விஷயம் இல்லை.

அதைவிடப் பெரிய அடி, பாக்கெட் தொலைவது. நீண்ட வழியில் ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தாலும், "ரோட்டில் நெரிசல் போல" என்று நினைத்து சர்வர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய முறை என்றால் பாதியாக, இன்று பரவலாக இருக்கும் 'கியூபிக்' முறை என்றால் சுமார் 30 சதவீதம். மறுபடி ஏற பல சுற்று தேவை. தூரம் கூடினால் அந்த மீட்சியும் இழுத்துக்கொண்டே போகும்.

ஒரு இணைப்பு போதாது என்றால் எட்டு போடு!

இதற்கு நேரடியான தீர்வு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பது. மேலே சொன்ன நியூயார்க் கணக்கையே எடுத்துக்கொண்டால், ஒரு இணைப்புக்கு 36. எட்டு இணைப்பு என்றால் 288. அதே லைன், அதே சர்வர், அதே தூரம். ஒரு இணைப்பில் பாக்கெட் தொலைந்தாலும் மற்ற ஏழும் தங்கள் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டவுன்லோட் மேனேஜர்கள் ஒரு ஃபைலைப் பல துண்டாக்கி இறக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் தளத்தில் 'Connections' என்ற இடத்தில் 'Multi', 'Single' என இரண்டு தேர்வுகள் இருக்கும். வழக்கமாக 'Multi'தான் இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் fast.com-இல் டெஸ்ட் முடிந்ததும் 'Show more info' அழுத்தி, 'Settings' உள்ளே போனால் 'Parallel connections' எத்தனை என்று நாமே மாற்றலாம். எம்-லேப் அமைப்பின் 'NDT' டெஸ்ட் வேறு வகை. அது ஒரே ஒரு இணைப்பை வைத்துத்தான் அளக்கிறது. ஒரே வீட்டில், ஒரே நிமிடத்தில், மூன்று தளமும் மூன்று எண் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எந்தத் தளமும் பொய் சொல்லவில்லை, கேட்கிற கேள்வி வேறு.

ஆட்டோமேட்டிக்காகத் தூரத்து சர்வர் எப்படி வருகிறது?

ஆப்பை விட்டால் அதுவே பக்கத்துச் சர்வரைத்தானே எடுக்கும் என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. விபிஎன் ஆன் செய்து மறந்திருந்தால், நீங்கள் விபிஎன் இருக்கும் நாட்டில் இருப்பதாகவே டெஸ்ட் நினைக்கும். மொபைல் டேட்டாவில் இன்னொரு சிக்கல். நீங்கள் திருநெல்வேலியில் இருந்தாலும், உங்கள் டேட்டா நிறுவனத்தின் வேறொரு நகரத்து மையம் வழியாக இணையத்துக்குள் நுழையலாம். அப்போது மேப்பில் பக்கமாக இருக்கும் சர்வர், நெட்வொர்க் கணக்கில் தூரமாகிவிடும்.

அதனால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், பிங்கைப் பாருங்கள். 'Change Server' அழுத்தி, உங்கள் ஊர் அல்லது பக்கத்துப் பெருநகரத்துச் சர்வர்கள் மூன்று, நான்கைப் போட்டுப் பார்த்து, பிங் குறைவாக வருவதை எடுப்பதே சரி. அதில் ஒன்றாவது உங்கள் நெட் கம்பெனி அல்லாத வேறு நிறுவனத்தின் சர்வராக இருப்பது நல்லது. கம்பெனியின் சொந்த சர்வருக்கு டேட்டா அதன் நெட்வொர்க்கைத் தாண்டியே போவதில்லை. எண் அழகாகத்தான் வரும்!

எண்ணை எப்படிப் படிப்பது?

முதலில் வைஃபையை ஒதுக்கிவிட்டு, ரவுட்டரில் இருந்து லேன் கேபிளில் லேப்டாப்பை இணைத்து, விபிஎன் இல்லாமல், பக்கத்துச் சர்வரில் 'Multi' போட வேண்டும். 300 பிளானுக்கு 280, 290 வந்தால் நெட் கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறது. 94ஐ ஒட்டி வந்து அசையாமல் நின்றால், கம்பெனியைத் திட்டும் முன் கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டில் கிடைக்கும் உச்சமே ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய கேபிள், பழைய ரவுட்டர், உள்ளே ஒரு கம்பி அறுந்த வயர் என எதுவும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து அதே சர்வரில் 'Single'. பக்கத்துச் சர்வரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். 'Multi' 290, 'Single' 60 என்று வந்தால் பிங் சின்னதாக இருக்கும்போது தூரத்தின் மேல் பழி போட முடியாது. வழியில் எங்கோ பாக்கெட் தொலைகிறது என்று சந்தேகிக்கலாம். புகார் கொடுக்க இது உருப்படியான ஆதாரம். இரவு 9 மணிக்கு மட்டும் இப்படி ஆகிறது என்றால் ஏரியாவில் நெரிசல் இருக்கலாம். காலை 6 மணிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், இரவு 9 மணிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், இரண்டிலும் சர்வர் பெயர் தெரிய வேண்டும். சர்வர் பெயர் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்து, வெளிநாட்டுச் சர்வரில் 'Multi' போட்டும் வேகம் படுத்துவிட்டால், கதை கடலுக்கு அடியில் இருக்கலாம். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே எஸ்எம்டபிள்யூ4, ஐஎம்இடபிள்யூஇ கேபிள்கள் பாதிக்கப்பட்டபோது, இந்தியா, பாகிஸ்தான் உள்ளிட்ட நாடுகளில் இணையம் மந்தமானது. மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் டேட்டா தாமதமாகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டும் தன் அஷூர் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. சுற்றிப் போகும் வழியில் பிங் 130இல் இருந்து 260 ஆனால், அதே விண்டோவில் ஒரு இணைப்பின் வேகம் சரிபாதியாகும். வீட்டு லைனில் ஒரு இழை கூட மாறியிருக்காது. அப்படிப்பட்ட நாளில் டெக்னீஷியனை வரவழைத்துப் பயனில்லை.

அப்போ தூரத்து டெஸ்ட் வேஸ்ட்டா?

இல்லை. அமெரிக்க சர்வரில் வேலை பார்ப்பவர், வெளிநாட்டு ஆஃபீஸுக்கு வீடியோ ஃபைல் அனுப்புபவர், சிங்கப்பூர் சர்வரில் கேம் ஆடுபவர் ஆகியோருக்குத் தினசரி அனுபவம் அந்தத் தூரத்து எண்தான். அவர்கள் எந்த ஊர் சர்வரைப் பயன்படுத்துகிறார்களோ அதே ஊரைத் தேர்வு செய்து, 'Single' போட்டுப் பார்த்தால்தான் நிஜம் தெரியும். ஒரு பெரிய ஃபைலை அனுப்பும் சாஃப்ட்வேர் எட்டு இணைப்பைத் திறக்காவிட்டால், எட்டு இணைப்பில் வந்த 288 வெறும் அலங்காரம். இவர்கள் 300இல் இருந்து 1,000 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினாலும் ஒற்றை இணைப்பில் வரும் 36 அப்படியே இருக்கலாம். பிளானை ஏற்றும் முன் இந்த ஒரு டெஸ்ட்டைப் போட்டுவிடுவது பர்ஸுக்கு நல்லது.

யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் மட்டும் பார்க்கும் வீடுகளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம். அந்த நிறுவனங்கள் அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களை நெட் கம்பெனிகளின் நெட்வொர்க்குக்குள்ளேயே சேமிப்பு சர்வர்களில் வைத்திருக்கின்றன. நியூயார்க் டெஸ்ட் 36 காட்டிய அதே வீட்டில் 4கே படம் தடங்கல் இல்லாமல் ஓடுவது அதனால்தான்.