குற்றமற்ற நட்பு

வீட்டுப் பெண்ணொருத்தி ஓர் ஆடவனுக்குக் கடிதம் எழுதினாளென்றால் வீடு இரண்டுபடுகிறது. அதே பெண் தன் தோழிக்கு நாள்தோறும் எழுதினால், “இருவரும் கூடப்பிறந்தவர்கள் போல” என்று பெற்றோர் மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சியை நம்பிக்கையென்று பலர் கருதுவர். நான் அதனைப் பார்வையின்மை என்றே கருதுகிறேன். பெண்ணைக் காதலிக்கும் பெண் தன் சொந்த வீட்டாரின் கண்ணுக்கே புலப்படாமற் போவதற்கு வெறுப்பு மாத்திரம் காரணமன்று. அவளுடைய அன்பை வெறும் நட்பென்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுவதும் காரணமாகும்.

இதற்கு வரலாற்றிலே தெளிவான சான்றொன்றுண்டு. 1778ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், அயர்லாந்தின் கில்கெனிப் பகுதியில், எலனோர் பற்லர், சேரா பொன்சன்பி என்னும் இருவர் ஆடவர் உடை தரித்து இரவிலே வீட்டைவிட்டு வெளியேறினர். எலனோரைக் கன்னியர் மடத்துக்கு அனுப்ப அவருடைய தாய் எண்ணியிருந்தார். தாய்தந்தையரை இழந்த சேராவுக்கோ, அடைக்கலம் தந்த வீட்டின் தலைவரே தொல்லையாயிருந்தார். உறவினர் இருவரையும் தேடிப் பிடித்தனர். அவ்வேளையில் சேராவின் உறவுப்பெண் ஒருவர் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. செயல் விவேகமற்றதாகத் தோன்றினும் பெருங்குற்றம் ஏதுமில்லை, ஆடவர் எவரும் இதிலே சம்பந்தப்படவில்லை, இது நட்பு மயக்கத்தில் எழுந்த திட்டமே என்பது அதன் சாரம்.

இக்கடிதத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். குடும்பம் கேட்ட வினா ஒன்றே: ஆடவன் உண்டா? இல்லையென்று தெரிந்ததும் ஆறுதல் பிறந்துவிட்டது. இரு பெண்கள் ஒருவரோடொருவர் வாழ்வதற்காகவே வீட்டையும் உறவையும் துறக்கத் துணிந்தனர் என்னும் உண்மை கண்முன்னே கிடந்தும் எவருக்கும் தென்படவில்லை. இருவரும் தம் பிடிவாதத்தைக் கைவிடாமையால் ஈற்றில் உறவினர் அவர்களைப் போகவிட்டனர். வேல்ஸ் நாட்டு லான்கொலன் என்னும் ஊரிலே, 1780 முதல் எலனோர் மறைந்த 1829 வரை, அவர்கள் ஒரே வீட்டில், ஒரே படுக்கையைப் பகிர்ந்து வாழ்ந்தனர். அவ்வுறவின் தன்மை குறித்து ஆய்வாளர் இன்றும் மாறுபடுகின்றனர். ஆயினும், அரை நூற்றாண்டு நீடித்த இல்வாழ்க்கை அதுவென்பதை மறுப்பாரில்லை.

அந்த அறியாமைதானே அவர்களுக்கு நிழலாயிற்று என்று வாசகர் வினவலாம். ஓரளவு உண்மையே. ஆனால் அந்நிழல் எல்லாருக்கும் வாய்த்ததன்று.

இங்கிலாந்தில் ஹலிபக்ஸ் நகரை அடுத்த ஷிப்டன் மாளிகையில் வாழ்ந்த ஆன் லிஸ்ரர் (1791–1840), மரியானா பெல்கம் என்ற பெண்ணைக் காதலித்தார். இருவரும் நெருங்கிய தோழியர் என்பதை வீட்டார் அறிவர். தோழியர் ஒரே படுக்கையில் உறங்குவதை அக்காலத்தில் எவரும் ஐயுற்றதில்லை. 1816இல் மரியானா செல்வந்தர் ஒருவரை மணந்தார். மணமக்களின் முதற் பயணத்தில், மணமகளின் சகோதரியோடு ஆனும் துணையாகச் சென்றார்! அத்தகைய துணை அன்று வழக்கிலிருந்ததொன்றே. தம் காதலி பிறரொருவருக்கு மனைவியாவதை அவர் தோழியென்ற பெயரோடு உடனிருந்து காண நேர்ந்தது. அவருடைய துயரத்தை அங்கு கேட்பாரில்லை. ஏனெனில், துயருறுவதற்குரிய உறவெதுவும் அவருக்கு இருப்பதாக எவரும் எண்ணவில்லை. கிரேக்க எழுத்துகளும் கணிதக் குறிகளும் விரவிய மறைகுறியீட்டிலே தம் நாட்குறிப்பில் அவர் மனந்திறந்தார். 1822இல் தம் அத்தையுடன் வேல்ஸ் சென்றபோது லான்கொலனில் சேராவைச் சந்தித்த அவர், அங்கே இருந்தது வெறும் நட்பாக இருக்கமுடியாது என்று அந்நாட்குறிப்பில் எழுதினார். உறவினர் காணாததை ஓர் அந்நியர் ஒரே சந்திப்பில் உணர்ந்துகொண்டார்.

நம் நாட்டுச் சட்டமும் இக்கதையிலிருந்து விலகியதன்று. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு, ஆடவர்க்கிடையிலான ‘ஒழுக்கக்கேட்டை’ மட்டுமே குற்றமாக்கியது. அதில் பெண்களைப் பற்றிய பேச்சே இல்லை. 1995இல் அப்பிரிவு திருத்தப்பட்டு, ‘ஆண்’ என்ற சொல்லின் இடத்தில் ‘ஆள்’ என்பது வந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகத் தன் கண்ணுக்குத் தெரியாதிருந்த பெண்ணைச் சட்டம் முதன்முதலிற் கண்டபோது, குற்றவாளியாகவே கண்டது.

வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. காணாதவரை அவள் குற்றமற்றவள். கண்ட கணமே குற்றவாளி. இவ்விரண்டுக்கும் நடுவே, காதலிக்கும் மனுஷியாக நிற்பதற்கு அவளுக்கு ஓரிடமும் இல்லை. ‘குற்றமற்ற நட்பு’ என்று நாம் புகழும்போதே, அது காதலாயின் குற்றமென்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். அப்புகழ்ச்சியைக் கேட்கும் மகள், இனி ஒருபோதும் வாய்திறக்கலாகாது என்பதை அதிலிருந்தே கற்றுக்கொள்கிறாள்.