கட்டிய பணம் வரிக்கா, வட்டிக்கா?

நமது வணிகர்களில் பலர் வருமான வரி இலாகாவிலிருந்து டிமாண்ட் வந்தவுடன் சொல்லும் முதல் வார்த்தை, "வரி முழுவதும் கட்டியாகிவிட்டதே, மறுபடியும் வரி பாக்கி என்று எப்படி வரும்?" என்பதுதான். சலானை எடுத்துப் பார்த்தால் வரி என்ற கட்டத்தில் முழுத் தொகையும் இருக்கும். அறிவிப்பை எடுத்துப் பார்த்தால் வரியில் பாக்கி என்று இருக்கும். இரண்டில் எது சரி? கணக்கைத் திருத்தித் தரும்படி கேட்கலாமா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் இப்படிப்பட்ட டிமாண்டுகளில் சட்டப்படி சரியானதும் உண்டு. உண்மையிலேயே தவறானதும் உண்டு. எது எது என்று தெரியாமல் மனுப் போட்டால் மனு தள்ளுபடியாகும். தெரியாமல் ஒப்புக்கொண்டால் பணம் போகும்.

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். காடாம்புலியூரில் மளிகையோடு முந்திரிக்கொட்டையும் கொள்முதல் செய்யும் ஒரு வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி வட்டாரத்தில் மார்ச் மாதம் கொட்டை வரத்துக் காலம். கையிலிருக்கும் ரொக்கம் எல்லாம் மூட்டைகளாக மாறிக் கிடங்கில் கிடக்கும். சொல்லிவைத்தாற்போல், உத்தேச அடிப்படையில் 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டுகிறவர்கள் முன்கூட்டிய வரி முழுவதையும் கட்டவேண்டிய ஒரே தவணையும் மார்ச் 15-தான். நமது வியாபாரி அன்று கட்டவில்லை. 2023-24 நிதியாண்டுக்கு அவருடைய வரி, செஸ் உட்பட 60,000 ரூபாய். ரிட்டர்ன் கொடுக்கவேண்டிய கடைசி நாளான 31-7-2024-ம் போய்விட்டது. 20-11-2024 அன்று 60,000 ரூபாயைக் கட்டி, அன்றே ரிட்டர்னையும் அனுப்பிவிட்டார். "வரி கட்டியாகிவிட்டது. வட்டியை அவர்கள் கேட்கும்போது கொடுத்துக்கொள்ளலாம்" என்பது அவர் எண்ணம்.

அன்றைய தேதியில் அவர் கொடுக்கவேண்டியது 60,000 மட்டுமல்ல. ரிட்டர்ன் தாமதத்துக்கு 234ஏ பிரிவின் வட்டி, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 4 மாதத்துக்கு மாதம் 1 சதவீதம், 2,400. முன்கூட்டிய வரி கட்டாததற்கு 234பி பிரிவின் வட்டி, ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 மாதத்துக்கு 4,800. மார்ச் 15 தவணை தவறியதற்கு 234சி பிரிவின் வட்டி 600. ஆக வட்டி 7,800. வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்பதால் 234எஃப் பிரிவின் தாமதக் கட்டணம் 5,000. எல்லாம் சேர்த்து 72,800 ரூபாய். கட்டியது 60,000. குறைவு 12,800.

இந்தக் குறைவு எதில் விழுகிறது என்பதுதான் விஷயம். வியாபாரியின் எண்ணப்படி வரி தீர்ந்தது; வட்டியும் கட்டணமும் பாக்கி. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 140ஏ பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. ரிட்டர்னுக்கு முன் நாமே கணக்கிட்டுக் கட்டும் தொகை, வரி, வட்டி, கட்டணம் மூன்றின் கூட்டுத்தொகைக்குக் குறைந்தால், அது முதலில் கட்டணத்துக்கும், அடுத்து வட்டிக்கும், மிச்சமிருந்தால் மட்டுமே வரிக்கும் வரவு வைக்கப்படும். சலானில் எந்தக் கட்டத்தில் எழுதினோம் என்பது இங்கே கணக்கில்லை. ஆகவே அவருடைய 60,000-ல் 5,000 கட்டணத்துக்குப் போனது; 7,800 வட்டிக்குப் போனது; 47,200 மட்டுமே வரிக்கு வந்தது. வரியில் 12,800 நிற்கிறது.

நமக்கு இது புதிதல்ல. புரோநோட்டுக் கடனில் கொடுக்கிற பணம் வட்டிக்குப் போக மிச்சம்தான் அசலுக்கு என்பது நாமே பின்பற்றும் வழக்கம். அசல் குறையாவிட்டால் வட்டி தொடரும் என்பதும் நமக்குத் தெரியும். இங்கேயும் அதுவேதான். நிற்கிற 12,800 வரி என்பதால் அதன்மேல் 234பி வட்டி தொடர்ந்து ஓடுகிறது. பெங்களூரு செயலாக்க மையம் 143(1) அறிவிப்பை 10-3-2025 அன்று போட்டதாகக் கொண்டால், டிசம்பர் முதல் மார்ச் வரை 4 மாதத்துக்கு, மாதம் 128 வீதம், 512 ரூபாய் சேரும். டிமாண்ட் 13,312 ரூபாய் என்று வரும். வரிக்கு முதலில் வரவு வைத்திருந்தால் 12,800-தான். வட்டிக்கும் கட்டணத்துக்கும் அந்த 4 மாதத்துக்கு வட்டி கிடையாது.

ஆகவே 13,312 என்று வந்தால் அது பார்வைக்குத் தவறு, சட்டப்படி சரி. வரிக்கு முதலில் வரவு வைக்கவேண்டும் என்று மனுப் போட்டுப் பயனில்லை. அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் கட்டிவிடுவதே லாபம். 30 நாள் தாண்டினால் 220(2) பிரிவின்படி டிமாண்ட் தொகை முழுவதற்குமே மாதம் 1 சதவீதம், அதாவது மாதம் 133 ரூபாய் ஏறும். அதில் வரி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற பிரிவினை அப்போது கிடையாது.

உண்மையில் தவறான டிமாண்ட் எப்படியிருக்கும்? 143(1) அறிவிப்பில் இரண்டு பத்திகள் இருக்கும்: ஒன்றில் நாம் கொடுத்த கணக்கு, மற்றதில் அவர்கள் போட்ட கணக்கு. அதில் 234பி வரியைப் பாருங்கள். நமது உதாரணத்தில் 4,800-ம் 512-ம் சேர்த்து 5,312 இருக்கவேண்டும். ஏனென்றால், பணம் கட்டிய நாள் வரைக்கும்தான் முழு வரிக்கு வட்டி. அதன்பிறகு குறைவுக்கு மட்டுமே வட்டி என்பது 234பி பிரிவின் 2-ஆவது உட்பிரிவு. அந்த இடத்தில் 7,200 என்று இருந்தால், நவம்பரில் கட்டிய பணத்தைக் கவனிக்காமல் ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாதத்துக்கும் 60,000-க்கே வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது டிமாண்ட் 15,200 ஆகிவிடும். 1,888 ரூபாய் அதிகம். இது திருத்தத்துக்குரிய தவறு.

இரண்டாவது தவறு, சலானே வரவாகாமல் போவது. ரிட்டர்னில் வங்கியின் பி.எஸ்.ஆர். எண்ணோ, சலான் எண்ணோ, தேதியோ ஓர் இலக்கம் மாறினாலும், மதிப்பீட்டு ஆண்டு மாறிக் கட்டியிருந்தாலும், கட்டிய 60,000-ம் இல்லாததுபோலவே டிமாண்ட் வரும். தொகை பெரிதாக இருப்பதைக்கொண்டே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது 234ஏ. வரியைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டு ரிட்டர்னை மட்டும் தாமதமாகக் கொடுத்தவருக்கு, கட்டிய தொகைக்கு இந்த வட்டி கிடையாது. பிரணாய் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இப்படித் தீர்ப்பளித்தது; மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015-இல் சுற்றறிக்கை வாயிலாக இதை ஏற்றுக்கொண்டது. அப்படியும் 234ஏ வட்டி போட்டிருந்தால் திருத்தம் கேட்கலாம்.

திருத்தம் கேட்பதற்கு 154-ஆவது பிரிவு. உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டு வரை அவகாசம் உண்டு. மனு வந்த மாதம் முடிந்து 6 மாதத்துக்குள் இலாகா முடிவு சொல்லவேண்டும். இணையதளத்தில் Services என்பதன் கீழ் Rectification என்ற பகுதியில் மனுக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்பு Pending Actions என்பதன் கீழுள்ள Response to Outstanding Demand பகுதியில் அவசரப்பட்டு டிமாண்ட் சரி என்று பதில் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் மறுக்க முடியாது. ஒரு பகுதி சரி, ஒரு பகுதி தவறு என்றால் அப்படியே பதில் கொடுக்க வழியிருக்கிறது. மேற்படி உதாரணத்தில் 13,312-ஐ ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு, 1,888-ஐ மட்டும் மறுக்கவேண்டும். கட்டும்போது 400 என்ற தலைப்பில், அந்த டிமாண்டின் எண்ணோடு கட்டவேண்டும். 300 என்ற தலைப்பில் கட்டினால் பணம் ஓரிடத்திலும் டிமாண்ட் ஓரிடத்திலுமாக நிற்கும்.

மனுவில் "வட்டி அதிகம், குறைக்கவும்" என்று எழுதுவதைவிட, கட்டிய தேதி, சலான் எண், தொகை, அதிலிருந்து கட்டணம், வட்டி, வரிக்குப் போன தொகை, நின்ற குறைவு, அதற்கான மாதங்கள் என்று படிப்படியாக நமது கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எந்தப் படியில் அவர்கள் கணக்கு மாறுகிறது என்பது எதிரில் இருப்பவருக்கு உடனே தெரியும்.

ஐந்நூறு, ஆயிரம்தானே என்று விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். விட்ட டிமாண்ட் ஏட்டில் நிற்கும். பின்னொரு வருஷம் நமக்கு ரீபண்ட் வரவேண்டியிருந்தால், 245-ஆவது பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு அதில் கழித்துக்கொள்வார்கள். பழைய சில்லறை டிமாண்டுகள் எவ்வளவு குவிந்துகிடந்தன என்பதற்கு அரசே சாட்சி. 2024-இல், 2010-11 மதிப்பீட்டு ஆண்டு வரை 25,000 ரூபாய்க்கு மேற்படாத டிமாண்டுகளையும், 2011-12 முதல் 2015-16 வரை 10,000 ரூபாய்க்கு மேற்படாதவற்றையும், ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் என்ற வரம்புக்குள் ரத்து செய்தார்கள். அதற்குப் பிந்திய ஆண்டுகளின் பாக்கிகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

இனி, நமது கோரிக்கைக்கு வருகிறேன். வட்டிக்கு முதலில் வரவு என்பது கடன் கொடுத்தவன் கணக்கு. கொடுக்கல் வாங்கலில் அது இருக்கட்டும். வரியில் வட்டி என்பது தாமதத்துக்கான ஈடு என்றுதான் பிரணாய் ராய் தீர்ப்பும் பார்த்தது. வரி முழுவதும் அரசாங்கக் கஜானாவுக்கு வந்துவிட்ட நாளுக்குப் பிறகு எந்தத் தாமதத்துக்கு ஈடு கேட்பது? இதே வியாபாரி இதே கடைக்கு ஜி.எஸ்.டி. கட்டும்போது, வரி, வட்டி, அபராதம், கட்டணம் என்று ரொக்கப் பேரேட்டில் தனித்தனித் தலைப்பு இருக்கிறது. வரித் தலைப்பில் செலுத்திய பணம், அவரே பி.எம்.டி-09 படிவத்தில் மாற்றினாலொழிய வட்டித் தலைப்புக்குப் போகாது. அங்கே முடிகிற காரியம் இங்கே முடியாதா?

சட்டத்தை மாற்ற நாளாகலாம். 1-4-2026 முதலான ஆண்டுகளுக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்களும் மாறுகின்றன. முந்தைய ஆண்டுகளின் பாக்கிக்குப் பழைய சட்டமே தொடரும். அதுவரை ஒன்றையாவது நமது சங்கம் வற்புறுத்தவேண்டும். அறிவிப்பிலேயே, "நீங்கள் கட்டிய தொகையில் கட்டணத்துக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு, வரிக்கு இவ்வளவு" என்று மூன்று வரி சேர்த்து அச்சிடச் சொல்லவேண்டும். அந்த மூன்று வரி இருந்தால், சரியான டிமாண்டைக் கண்டு கோபப்படுகிறவர்களும் குறைவார்கள். தவறான டிமாண்டைக் கட்டிவிட்டு வருகிறவர்களும் குறைவார்கள்.

வணிகர்கள் செய்யவேண்டியதும் ஒன்றுதான். கொட்டை வரத்துக் காலமானாலும் மார்ச் 31-க்குள் கட்டுகிற பணம் முன்கூட்டிய வரியாகவே கணக்காகி, முழுவதும் வரிக்கே போகும். அது முடியாமல் ஏப்ரலுக்குப் பிறகு கட்ட நேர்ந்தால், ரிட்டர்ன் அனுப்புமுன் ஆடிட்டரிடம் "வரி எவ்வளவு?" என்று கேட்காமல், "இன்றைய தேதிக்கு வட்டி, கட்டணத்தோடு மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு அதைக் கட்டுங்கள்.