அரபியில் ஒப்பந்தம், வாட்ஸ்அப்பில் போட்டோ... கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய 3 வரிகள்!

ராத்திரி பத்தரை மணி. சவுதியிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புகிறார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு. காலைல கையெழுத்துப் போடச் சொல்றாங்க." போட்டோவைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை அரபி. உங்களுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

குடும்பத்தில் ஒருவராவது வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகளுக்கு இது புதிய காட்சி இல்லை. பல நேரம் நாமும் "எல்லாரும் போடுறாங்கல்ல, நீயும் போட்டுடு" என்று சொல்லிவிடுகிறோம். பிரச்னை வரும்போது செல்லப்போவது அந்தத் தாள்தான். சவுதி தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தத்தில் அரபியும் இன்னொரு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டும் முரண்பட்டால் அரபியில் இருப்பதே செல்லும். ஏஜென்ட் வாயால் சொன்னதற்கும் ஆங்கிலத்தில் இருப்பதற்கும் அதற்குப் பிறகுதான் இடம்.

முழு ஒப்பந்தத்தையும் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சம்பளம், வேலை நேரம், வேலை முடிவு என்ற மூன்று இடங்களைக் கண்டுபிடித்தால் போதும். அதற்கு முன்னால் ஒரு சின்னப் பாடம்.

முதலில் எண்கள்

சவுதி ஒப்பந்தங்களில் தொகைகள் அரபி எண்களில் இருக்கலாம். 0 முதல் 9 வரை வரிசையாக இப்படி: ٠ ١ ٢ ٣ ٤ ٥ ٦ ٧ ٨ ٩. இங்கே நம் கண் ஏமாறும் இடம் இரண்டு. பூஜ்யம் என்று நாம் நினைக்கும் வட்டம் அங்கே 5. உண்மையான பூஜ்யம் வெறும் புள்ளி. அதனால் ١٥٠٠ என்பது 1,500. போட்டோ மங்கலாக இருந்து புள்ளிகள் மறைந்துவிட்டால் அது '10' மாதிரி தெரியும்! அடுத்தது ٧ என்ற 7, ٨ என்ற 8. ஒன்றைத் தலைகீழாக்கினால் இன்னொன்று. அரபி தெரியாதவர் போட்டோவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் 7, 8 ஆகிவிடும்.

அரபி வலமிருந்து இடமாக ஓடினாலும், எண்களை நாம் படிப்பது போலவே இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

போட்டோ மங்கலாக இருந்தால் யூகிக்காதீர்கள். தாளைச் சமமாக வைத்து, நான்கு மூலையும் தெரிய, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. எங்காவது தொகை எழுதும் கட்டம் காலியாக இருந்தால், நிரப்பித் தரும்வரை கையெழுத்து வேண்டாம்.

உங்கள் நண்பர்களில் குர்ஆன் ஓதத் தெரிந்தவர் இருக்கலாம். அவருக்கு அரபி மொழி தெரியாமல் இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். அவர் சொல்லும் சத்தத்தோடு கீழே இருக்கும் சொற்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்பளம்: 'அஸாஸி' எவ்வளவு?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கிடங்கு வேலை. "மாசம் 1,800 ரியால், ரெண்டு வருஷம்" என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். போட்டோவில் தேட வேண்டிய சொல் الأساسي, அதாவது 'அல் அஸாஸி'. அடிப்படைச் சம்பளம். அதற்கு முன்னால் 'ராத்திப்' என்றோ 'அஜ்ர்' என்றோ இருக்கும், இரண்டுக்கும் சம்பளம் என்றுதான் பொருள். அதன் பக்கத்தில் ١٢٠٠, அதாவது 1,200.

அடுத்து بدل, 'பதல்'. இதற்கு அலவன்ஸ் என்று பொருள். தங்குமிடம், போக்குவரத்து, சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் தனி 'பதல்' வரி இருக்கலாம். நம் உதாரணத்தில் சாப்பாட்டுக்கு ٣٠٠, அதாவது 300. கடைசியில் إجمالي, 'இஜ்மாலி', மொத்தம்: ١٥٠٠.

ஏஜென்ட் சொன்ன 1,800 எங்கே? கேட்டால், "ஓடி சேர்த்துத்தான் சொன்னேன்" என்பார். அந்த 300 ரியால் ஓவர்டைமுக்குச் சரியான கூலியா என்று பார்க்க அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

நேரம்: 8-க்கு மேல் எல்லாம் ஓவர்டைம்

தேட வேண்டியது ساعات العمل, 'ஸாஆத் அல் அமல்', வேலை நேரம். சவுதி சட்டப்படி நாளொன்றுக்கு 8 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 48 மணி நேரம்தான் உச்சவரம்பு. சாப்பாடு, தொழுகை, ஓய்வு இடைவேளைகள் இதில் சேராது. அதனால் 8 மணி நேர வேலை என்று எழுதியிருந்தாலும் வேலை இடத்தில் அதைவிட அதிக நேரம் இருக்க வேண்டி வரலாம். அது தவறில்லை. வேலை செய்யும் நேரம் 8-ஐத் தாண்டினால் தனிக் கூலி வர வேண்டும்.

கணக்கு இப்படி: ஒரு மணி நேரச் சம்பளம், அதோடு அடிப்படைச் சம்பளத்தின் ஒரு மணி நேரக் கூலியில் பாதி. மாதச் சம்பளத்தை 30 நாளால், பிறகு 8 மணி நேரத்தால் வகுப்பது வழக்கம். 1,500-ஐ வகுத்தால் மணிக்கு 6.25 ரியால். அடிப்படையான 1,200-ஐ வகுத்தால் மணிக்கு 5, அதில் பாதி 2.50. ஆக, ஓவர்டைம் ஒரு மணி நேரத்துக்கு 8.75 ரியால்.

அண்ணன் தினமும் 10 மணி நேரம், மாதம் 26 நாள் வேலை செய்கிறார் என்றால் 52 மணி நேரம் ஓவர்டைம். அதற்கு 455 ரியால். மொத்தம் 1,955 வர வேண்டும். '1,800 எல்லாம் சேர்த்து' என்பதில் மாதம் 155 ரியால் காணாமல் போகிறது. இரண்டு வருடத்தில் 3,720 ரியால்!

அதனால்தான் இந்த வரியின் அருகில் شامل, 'ஷாமில்', என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். 'உட்பட' என்று பொருள். மொத்தச் சம்பளம் ஓவர்டைம் உட்பட என்று எழுதியிருந்தால், எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கேட்காமல் போடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. வீட்டு வேலை, வீட்டு டிரைவர் வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனி விதிமுறை. வாட்ச்மேன் போன்ற சில வேலைகளுக்கும் நேர விதியில் விலக்கு உண்டு. அதனால் ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முடிவு: ஒரே வரி, 21,000 ரியால்

பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடுவது இந்தப் பகுதியைத்தான். இங்கே மூன்று சொற்கள்.

முதலாவது التجربة, 'அத்தஜ்ரிபா', சோதனைக் காலம். 180 நாள் வரை வைக்கலாம். இதற்குள் வேலை முடிந்தால் இழப்பீடு கிடையாது. பக்கத்தில் ٩٠ இருக்கிறதா, ١٨٠ இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதமா, ஆறு மாதமா என்பது அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது إشعار, 'இஷ்ஆர்', நோட்டீஸ். இங்கே ஒரு குழப்பம் வரும். வெளிநாட்டவருக்கான ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கானது. அதில் இந்த வரி பெரும்பாலும், காலம் முடிந்ததும் புதுப்பிக்க விருப்பமில்லை என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதைத்தான் குறிக்கும். நோட்டீஸ் கொடுத்தால் நடுவிலேயே கிளம்பிவிடலாம் என்று அர்த்தமில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். تعويض, 'தஅவீள்', இழப்பீடு. முறையான காரணமில்லாமல் கம்பெனி நடுவில் வேலையை விட்டு அனுப்பினால், மீதமுள்ள காலத்துக்கான சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 77-வது பிரிவு. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்ட தொகை எழுதப்படாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு.

அண்ணனை 10 மாதத்தில் காரணமில்லாமல் அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். மீதி 14 மாதம். 1,500 வீதம் 21,000 ரியால். அதுவே 'இழப்பீடு ஒரு மாதச் சம்பளம்' என்று ஒரு வரி இருந்தால்? வெறும் 1,500!

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 77-வது பிரிவு இரு தரப்புக்கும் பொருந்தும். அண்ணனே காரணமில்லாமல் நடுவில் கிளம்பினால் கம்பெனியும் அவரிடம் இழப்பீடு கேட்கலாம். அப்போது அந்த 'ஒரு மாதம்' அவருக்குச் சாதகம். ஆக, அந்த வரி நல்லதா கெட்டதா என்பது அவர் நிலைமையைப் பொறுத்தது. தெரிந்து போடுகிறாரா என்பதுதான் கேள்வி. கம்பெனி முக்கியக் கடமைகளை நிறைவேற்றாமல் ஏமாற்றினால், 81-வது பிரிவின்படி நோட்டீஸ் இல்லாமலே விலகலாம், உரிமைகள் போகாது.

ஒப்பந்தக் காலம் எழுதியிருக்கிறதா என்பதும் இங்கே முக்கியம். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த திருத்தப்படி, காலம் குறிப்பிடாத வெளிநாட்டவர் ஒப்பந்தம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 1 ஆண்டு என்று கொள்ளப்படும். 'ரெண்டு வருஷம்' வாய்ப்பேச்சில் மட்டும் இருந்தால், மேலே சொன்ன 14 மாதம் 2 மாதமாகச் சுருங்கிவிடும்.

தாளும் தளமும் ஒன்றா?

சவுதியில் ஒப்பந்தங்கள் 'Qiwa' தளத்தில் பதிவாகின்றன. கம்பெனி ஏற்றியதை வேலை செய்பவரே உள்ளே போய்ப் பார்த்து ஏற்கலாம், திருத்தம் கேட்கலாம், மறுக்கலாம். போட்டோவில் இருக்கும் தாளில் 1,500, அங்கே 1,200 என்றிருந்தால், ஏற்கும் பட்டனை அழுத்தும் முன் திருத்தம் கேட்க வேண்டும். அவருடைய லாகின், ஓடிபி அவரிடமே இருக்கட்டும். "நானே உனக்கு ஓகே பண்ணித் தரேன்" என்று யார் கேட்டாலும் தரக் கூடாது.

பேச்சில் தீராவிட்டால் சவுதி தொழிலாளர் அமைச்சகத்தின் 19911 எண்ணில் கேட்கலாம். வழக்கு முதலில் சமரசத்துக்குப் போகும், முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும்.

இப்போது அந்த வாய்ஸ் மெசேஜுக்கு உங்கள் பதில்: "அண்ணே, ஓடிக்கு மணிக்கு எவ்வளவு, தஅவீள் வரியில என்ன தொகை, காலம் ரெண்டு வருஷம்னு எங்க எழுதியிருக்கு... இந்த மூணையும் கேட்டு எழுதி வாங்குங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க."