சராசரி மறைத்ததும் சதுரங்கள் காட்டியதும்

எந்தக் கிழமையில் என்ன நடக்கிறது என்று சொல்வதற்கு நமது பத்திரிகைகள் ஒரே வழியைத்தான் கையாளுகின்றன. ஒரு வருடத்துக் கணக்கை எடுத்து, திங்கட்கிழமைகளையெல்லாம் கூட்டி வகுத்து, அவ்வாறே ஏனைய கிழமைகளையும் கூட்டி வகுத்து, ஏழு கோல்கள் கொண்ட ஒரு வரைபை அச்சிட்டு விடுகிறோம். இந்த ஏழு கோல்களைக் கைவிட்டு, வருடத்தின் 366 நாள்களையும் தனித்தனிச் சதுரங்களாக வாசகருக்குக் காட்ட வேண்டும் என்பது எனது கருத்து. ஏழு கோல்கள் பல வேளைகளில் பொய் சொல்கின்றன என்பதே அதற்குக் காரணம்.

நான் குறிப்பிடும் படம் புதியதன்று. கணினி நிரலாளர்கள் கூடும் கிட்ஹப் தளம் ஒவ்வொருவரது தினசரி வேலையையும் 2013 முதல் பச்சைச் சதுரங்களாகக் காட்டி வருவதால் பலர் அதனை அறிவர். நாட்காட்டி வெப்ப வரைபடம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஒரு வாரம் ஒரு நிரல். கிழமைகள் ஏழும் மேலிருந்து கீழாக ஏழு வரிசைகள். ஒரு நாளின் எண்ணிக்கை கூடக்கூட அந்நாளின் சதுரத்தின் நிறம் அடர்த்தியாகிறது. வருடம் முழுவதும் கைக்குட்டை அளவில் கண்முன் விரிந்து விடுகிறது.

இதன் பயனை அமெரிக்கப் பிறப்புக் கணக்கில் தெளிவாகக் காணலாம். அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தரவுகளின்படி, 2000ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி செவ்வாய்க்கிழமை 13,032 குழந்தைகள் பிறந்தன. ஜனவரி 7, வெள்ளிக்கிழமை 12,516. மறுநாள் சனிக்கிழமை 8,934. ஞாயிற்றுக்கிழமை 7,949. பின்னர் திங்கட்கிழமை 11,668, செவ்வாய்க்கிழமை 12,611. அதாவது ஞாயிற்றுக்கிழமைப் பிறப்புகள் செவ்வாய்க்கிழமைப் பிறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. இவ்வாறு 366 நாள்களையும் வரைந்தால், அடியிலுள்ள இரண்டு வரிசைகள் வருடத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெளிறிய ஒரு பட்டியாக ஓடும்.

இங்கே ஒரு சிறு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வாரத்தை ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கினால் ஞாயிறு உச்சியிலும் சனி அடியிலுமாகப் பிரிந்துபோய், வார இறுதி இரண்டு துண்டுகளாகத் தெரியும். அத்துடன் 2000ஆம் ஆண்டு சனிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிந்த நெட்டாண்டு ஆகையால், முதல் நிரலிலும் கடைசி நிரலிலும் ஒவ்வொரு நாள் மாத்திரம் நின்று 54 நிரல்கள் தேவைப்படும். திங்கட்கிழமையில் தொடங்கினால் 53 போதும். வார இறுதியும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்.

வெளிறிய பட்டியைக் கண்டவுடன் ஒரு பத்திரிகையாளர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இது நடந்ததன் கணக்கா, பதிந்ததன் கணக்கா என்பதாகும். அலுவலகம் மூடியிருந்தமையால் ஞாயிறு வெளிறியிருக்குமானால், தேங்கிய பதிவுகளெல்லாம் திங்களன்று வந்து குவிந்திருக்க வேண்டும். திங்கள் வரிசையே மிகவும் கறுத்திருக்க வேண்டும். கொவிட் காலத்தில், 2020இலும் 2021இலும், பிரித்தானியாவின் மரண அறிவிப்புகள் அவ்வாறுதான் நடந்துகொண்டன. ஞாயிறும் திங்களும் எண்ணிக்கை விழும். செவ்வாய், புதனில் எழும். மரணங்கள் வார இறுதியில் ஓய்வு எடுக்கவில்லை, எழுதுநர்கள்தாம் எடுத்தார்கள். மரணம் நிகழ்ந்த திகதியின்படி வரைந்தால் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மறைந்து விடுகிறது. பிறப்புக் கணக்கிலோ திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமையைக் காட்டிலும் குறைவாகவே இருக்கிறது. எனவே இது தேங்கிய காகிதங்களின் வேலையன்று. குழந்தைகள் உண்மையிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவாகப் பிறந்திருக்கின்றன.

இயற்கைக்குக் கிழமை தெரியாது. ஆகவே அந்த வெளிறல் வைத்தியசாலையின் கால அட்டவணை. முன்கூட்டியே நாள் குறிக்கப்படும் சிசேரியன் சத்திரசிகிச்சையும், மருந்து கொடுத்துப் பிரசவ வலியைத் தூண்டுவதும் வேலை நாள்களில் நடைபெறுகின்றன. தானாக வலி கண்டு வருபவர்களும் அவசர நிலையில் வருபவர்களும் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார்கள். அதனால்தான் அந்த வரிசை வெளிறியிருக்கிறதே தவிர, வெறுமையாகவில்லை. அதே படத்தில் ஏனைய விடுமுறைகளும் தாமாக வெளிப்படும். 2000ஆம் ஆண்டில் சுதந்திர தினம் செவ்வாய் வரிசையிலும், நன்றி தெரிவிக்கும் நாளான நவம்பர் 23 வியாழன் வரிசையிலும், நத்தார் திங்கள் வரிசையிலும் வந்தன. அடர்ந்த வரிசைகளின் நடுவே தனித்து வெளிறும் சதுரங்கள் அவை. ஏழு கோல் வரைபில் அவை அந்தந்தக் கிழமையின் சராசரிக்குள் கரைந்து போயிருக்கும்.

படம் என்பதற்காக எந்தப் படத்தையும் நம்பிவிட முடியாது. 2012இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் மட் ஸ்டைல்ஸ் வெளியிட்ட பிறந்தநாள் வரைபடம் உலகெங்கும் பகிரப்பட்டது. மாதங்களும் திகதிகளும் கொண்ட கட்டங்களில், 1973 முதல் 1999 வரையான பிறப்புகளை ஒன்றாக்கி அது காட்டியது. செப்டெம்பர் மாதம் கறுத்துத் தெரிந்தது. ஆனால் அந்த நிறங்கள் எண்ணிக்கையைக் குறிக்கவில்லை. முதலாம் இடம், இரண்டாம் இடம் என்ற தர வரிசையையே குறித்தன. அருகருகான இரண்டு திகதிகளுக்கிடையே அற்ப வித்தியாசமே இருந்தாலும், வரிசையில் அவை தூரப்பட்டு நின்றால் நிறமும் தூரப்பட்டு நிற்கும். அத்துடன், ஒரே திகதி வருடத்துக்கு வருடம் வெவ்வேறு கிழமைகளில் வருவதால், பல வருடங்களை ஒன்றாக்கிய அந்தப் படத்தில் கிழமை முற்றாக அழிந்து போயிற்று. கிழமையைக் காண வேண்டுமாயின் ஒரு வருடத்தைத் தனியாகவும், வாரங்களை நிரல்களாகவும் வைக்க வேண்டும். நிற அளவுகோலையும் படத்தின் கீழே எண்களுடன் அச்சிட வேண்டும். மிகக் குறைந்த எண்ணிக்கைக்கு வெள்ளை நிறம் கொடுத்தால், 7,949 குழந்தைகள் பிறந்த நாளை வாசகர் யாரும் பிறக்காத நாள் என்று நினைத்து விடுவார்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் ஏழு கோல் வரைபு ஏன் பிற நாடுகளைக் காட்டிலும் அதிகமாக ஏமாற்றும் என்பதற்கு விடை போயா தினம். முழுநிலவு ஏறக்குறைய 29 நாள்களும் பாதியும் கழித்துத் திரும்பி வருகிறது. நான்கு வாரங்கள் 28 நாள்கள். ஆகவே ஒவ்வொரு போயாவும் முந்திய போயாவின் கிழமையிலிருந்து ஒன்றோ இரண்டோ நாள்கள் தள்ளி விழும். 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 25 வியாழன், பெப்ரவரி 23 வெள்ளி, மார்ச் 24 ஞாயிறு, ஏப்ரல் 23 செவ்வாய், மே 23 வியாழன். சதுரங்களில் இது ஒரு படிக்கட்டு. நான்கைந்து நிரல்கள் வலப்புறம் நகர்ந்து ஓரிரு படிகள் கீழே இறங்கி, அடியைத் தாண்டியதும் மீண்டும் மேலே தொடங்கும்.

இப்போது ஒரு கணக்கைக் கற்பனை செய்வோம். ஓர் அரச அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை திறந்திருக்கிறது. திறந்த நாள்களில் சரியாக 100 பேர் வருகிறார்கள், கிழமைக்குக் கிழமை எந்த வேறுபாடும் இல்லை. போயா தினத்தில் மாத்திரம் மூடியிருக்கிறது. ஏனைய விடுமுறைகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 2024இன் 12 போயா தினங்களில் வியாழன் மூன்று, வெள்ளி மூன்று, செவ்வாய் இரண்டு, திங்கள் ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு ஒன்று. புதன்கிழமையில் ஒன்றுகூட வரவில்லை. சராசரி எடுத்தால் புதன் 100, திங்கள் 98, செவ்வாய் 96, வியாழனும் வெள்ளியும் 94. உடனே "வார நடுவில் சுறுசுறுப்பு, வார முடிவில் சோர்வு" என்று தலைப்புப் போட்டு, அரச ஊழியர்களின் சோம்பலைப் பற்றி ஓர் ஆசிரிய தலையங்கமும் எழுதி விடலாம். சோம்பல் எங்கே இருந்தது? நிலவுதான் வியாழனிலும் வெள்ளியிலும் அதிகம் நிறைந்தது. அடுத்த வருடம் நிலவு வேறு கிழமைகளில் நிறையும், தலைப்பும் மாறும். சதுரங்களைப் பார்த்திருந்தால், ஐந்து வரிசைகளும் ஒரே நிறத்தில் இருப்பதையும், அவற்றின் குறுக்கே ஒன்பது வெற்றுச் சதுரங்கள் படியிறங்கிச் செல்வதையும் ஒரு பாடசாலை மாணவன்கூடக் கண்டுபிடித்திருப்பான்.

ஏழு வரிசைகள் என்பதும் ஓர் ஊகமே என்பதற்கு நமது வரலாறே சாட்சி. 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. நிலவின் நான்கு கட்டங்களுக்குரிய போயா தினங்களே வார விடுமுறையாக இருந்தன. அதற்கு முந்திய நாள் அரை நாள் வேலை. ஒரு போயாவிலிருந்து அடுத்த போயா பெரும்பாலும் ஏழு நாள், சில வேளை எட்டு நாள். அந்த வருடங்களின் அலுவலகப் பதிவுகளை யாரேனும் ஏழு வரிசைகளில் வரைந்தால் வெளிறிய ஞாயிறு வரிசை கிடைக்காது. சரிந்து செல்லும் கோடுகளே கிடைக்கும். கிழமைச் சராசரி எடுத்தாலோ ஏழு கோல்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்று, இந்நாட்டு மக்கள் ஓய்வே எடுக்கவில்லை என்று சொல்லும்.

பிறப்பு, விபத்து, மின்சார நுகர்வு, வைத்தியசாலை அனுமதி என்று நாள்வாரியான கணக்குகளை வெளியிடும் திணைக்களங்களிடமும், அவற்றை அச்சிடும் பத்திரிகை நண்பர்களிடமும் ஒன்றைக் கேட்கிறேன். கிழமைச் சராசரியை மாத்திரம் தராதீர்கள். திகதியுடன் கூடிய 366 எண்களையும் தாருங்கள். அத்திகதி சம்பவம் நிகழ்ந்த திகதியா, பதிவு செய்யப்பட்ட திகதியா என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். கணக்கெடுக்கப்படாத நாளைச் சாம்பல் நிறத்திலும், பூச்சியமான நாளை அளவுகோலின் அடிநிறத்திலும் வேறுபடுத்திக் காட்டுங்கள். யார் சோம்பல், யார் சுறுசுறுப்பு என்ற தீர்ப்பை அதன் பிறகு எழுதலாம்.