தலையைச் சுற்றி வெள்ளை வளையம்: குற்றவாளி யார்?

வீடியோ காலில் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தால் எல்லோரும் கேமராவைத்தான் திட்டுகிறார்கள். தப்பு மக்களே! நீங்கள் போட்ட பின்னணிப் படத்தைத் திட்டுங்கள்.

முடி எங்கே முடிகிறது என்று மென்பொருள் ஊகிக்கத்தான் செய்கிறது. அதனால் முடியோடு நிஜச் சுவரும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளைச் சுவர் முன் உட்கார்ந்துகொண்டு இரவுக் கடற்கரைப் படம் போட்டால் அந்த மிச்சம் பளிச்சென்று காட்டிக்கொடுக்காதா?

எழுந்து நகர்ந்து, அதே கேமராவில், அதே வெளிச்சத்தில் காலிச் சுவரைப் படமெடுங்கள். 1920×1080 அளவுக்கு வெட்டி, லேசாக மங்கலாக்குங்கள். அலமாரி, செடி எல்லாம் தலைக்குப் பின்னால் வேண்டாம், ஓரத்தில் ஒட்டுங்கள். மிச்சம் அப்போதும் இருக்கும். சுவர் நிறமும் படத்தின் நிறமும் ஒன்றே என்பதால் கண்ணில் படாது. ராத்திரி விளக்குக்கு மட்டும் தனிப்படம் எடுக்க வேண்டும். கடற்கரைக்கு நேரில் போய்க்கொள்ளலாம் :-)