படம் சொல்லாததை வரி சொல்லட்டும்

“எங்கள் கடையின் புதிய அறிமுகம்! சுவையான, மென்மையான, தரமான குலா மலாக்கா தேங்காய் பன். இன்றே ஆர்டர் செய்யுங்கள்!”

டுரியான் துங்காலில் வீட்டோடு சேர்த்துச் சின்னதாக ஒரு பேக்கரி நடத்தும் அக்கா, புதுப் பன்னின் படத்தோடு எனக்கு அனுப்பிய வரி இது. “தம்பி, நீங்க ரேடியோவுல பேசுறவர். இதைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்க” என்றார். இரண்டாம் கை அடுப்பு ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறார். வழக்கமான ரொட்டியில் வரும் லாபம் தவணைக்கே சரியாகப் போகிறது. இந்தப் பன் ஒரு நாளைக்கு 40 போனால்தான் மூச்சு விடலாம் என்பது அவர் கணக்கு.

அந்த வரியில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. சிக்கல் வேறு. அதை அப்படியே எடுத்துப் பக்கத்துக் கடையின் கேக் படத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள், பெயரை மட்டும் மாற்றினால் பொருந்திவிடும். முறுக்கு படத்துக்கும் பொருந்தும். எங்கே வைத்தாலும் பொருந்துகிற வரியை நம் கண் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அதனால் விரல் நிற்காமல் நகர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, அக்காவின் படத்திலேயே பன் பளபளவென்று மென்மையாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதையே வரியும் சொன்னால் அந்த வரி வீண். மணம், சூடு, நேரம், உள்ளே இருப்பது, செய்தவர் பட்ட பாடு, இவையெல்லாம் படத்தில் வராது. வரிக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

இடமும் குறைவு. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே கணக்கின் பெயரும் அதையொட்டி ஏறக்குறைய இரண்டு வரியும்தான் தெரியும். மிச்சத்தை யாராவது தட்டித் திறந்தால்தான் உண்டு. முகநூலில் எழுத்து மேலே, படம் கீழே. ஆகவே அங்கே வரியைத்தான் முதலில் படிக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை வேறு. “எங்கள் கடையின் புதிய அறிமுகம்” என்பதிலேயே கிடைத்த இடத்தில் கணிசமான பகுதி போய்விட்டது. “காலை வணக்கம் நண்பர்களே” என்று தொடங்குகிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நல்ல வரியை உட்கார்ந்து யோசித்துப் பிடிப்பதைவிடக் கேட்டு வாங்குவது எளிது. வானொலிப் பேட்டியில் நாங்கள் செய்வதும் அதைத்தான். விளம்பர உலகில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர், ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு எழுதப் போனார். எல்லா நிறுவனமும் “எங்கள் பீர் சுத்தமானது” என்று பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருந்த காலம். அவர் ஆலைக்குள் நடந்து, புட்டிகளை எத்தனை முறை கழுவுகிறார்கள், தண்ணீருக்குக் கிணற்றை எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறார்கள் என்று பார்த்தார். “இதெல்லாம் எல்லா ஆலையிலும் செய்வதுதானே” என்றார்கள். ஆனால் வெளியே சொன்னவர் யாருமில்லை. ஹாப்கின்ஸ் அதைச் சொன்னார், விற்பனை ஏறியது என்று 1927இல் வந்த தம் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார்.

நானும் அக்காவிடம் கேட்டேன். இந்தப் பன்னில் உங்களைப் படுத்தியது எது?

உடனே பதில் வந்தது. “அந்த குலா மலாக்காதான், தம்பி. அடுப்புச் சூட்டுல உருகி, பன்னோட அடியைப் பிச்சுக்கிட்டு தட்டுல ஓடிடும்.” தேங்காய்ப் பூவையும் குலா மலாக்காவையும் பாண்டான் இலை போட்டு, சட்டியில் நீர் வற்றும்வரை கிளறி, முழுக்க ஆறிய பிறகு மாவுக்குள் வைத்தால்தான் நிற்கிறதாம். சூடாக வைத்தால் மாவு இளகிவிடும். அப்படியும் சில பன்களில் ஒழுகத்தான் செய்கிறது. “ஒழுகினது தட்டுல மிட்டாய் மாதிரி கருகி ஒட்டியிருக்கும். பேரப்பிள்ளைங்க அதுக்குத்தான் அடிச்சுக்குவாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன். அதிலிருந்து மூன்று வரிகள் எழுதிப் பார்த்தோம்.

“பாரம்பரிய சுவையில் குலா மலாக்கா பன்.” இது மறுபடியும் பழைய கதை.

“குலா மலாக்கா ஏன் பன்னை விட்டு ஓடுகிறது தெரியுமா?” கேள்வி நன்றாக இருக்கிறது, ஆனால் பன் செய்கிறவருக்குத்தான் அந்தக் கவலை. சாப்பிடுகிறவருக்கு அது எதற்கு?

“பன்னுக்கு இல்லை, தட்டில் ஒழுகிக் கருகிய குலா மலாக்காவுக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை.” இதில் ஒரு வீடு தெரிகிறது, நாக்கில் ஒரு ருசி வருகிறது. வேறு கடைக்காரர் இதைத் தம் படத்துக்கு வைக்க முடியாது.

மூன்றாவதையே எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்த வரி வந்ததும் படம் தோற்றுவிட்டது. மேலிருந்து எடுத்த முழுப் பன்னில் ஒழுகலும் இல்லை, கருகலும் இல்லை. வரி கிளப்பிய ஆசைக்குப் படம் பதில் சொல்ல வேண்டும். தட்டோடு பக்கவாட்டில், ஒரு பன்னைப் பிய்த்து, அடியில் ஒட்டிய கருஞ்சிவப்பு விளிம்பு தெரியும்படி ஜன்னல் வெளிச்சத்தில் மீண்டும் எடுத்தார். விலையும் எடுக்கும் நேரமும் மூன்றாம் வரிக்குப் போயின.

இதற்கு நடுவில் உறவுக்காரப் பையன் ஒருவன் இன்னொரு வரி கொடுத்தான்: “சர்க்கரை நோயாளிகளும் பயமின்றிச் சாப்பிடலாம்!” விரல் நிச்சயம் நிற்கும். அக்காவும் ஒரு நிமிடம் ஆசைப்பட்டார். ஆனால் குலா மலாக்கா தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுப்பதுதான். அதில் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நம்மவர்களிடையே அது இன்னும் அதிகம். அந்த வரியை நம்பிச் சாப்பிடப் போவது அக்காவின் சொந்தப் பெரியம்மாவாகக்கூட இருக்கலாம். வேண்டாம் என்று அவரே அழித்துவிட்டார்.

“பிடித்திருந்தால் YES என்று எழுதுங்கள், மூன்று பேரை டேக் செய்யுங்கள்” என்ற வகையும் வேண்டாம் என்றேன். இப்படிக் கேட்டு வாங்கும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளுவோம் என்று முகநூல் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

வரி வேலை செய்கிறதா என்பதை லைக் எண்ணிக்கையில் பார்க்காதீர்கள். அக்காவைப் பின்தொடர்கிறவர்கள் சில நூறு பேர். ஒரு நாள் மழை பெய்தாலே அந்த எண் மாறும். வருகிற செய்திகளின் வாசகத்தைப் பாருங்கள். முன்பெல்லாம் “எவ்வளவு?” என்று மட்டும் வரும். இந்தப் படத்துக்கு முதலில் வந்தவற்றில் ஒன்று, “அடி கருகினது தனியா கிடைக்குமா?” வரியைப் படித்தவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

துங்காலில் அக்காவுக்கு இன்னொரு கூட்டமும் உண்டு, மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் படிக்க மாட்டார்கள். தமிழ் பாதி, மலாய் பாதி என்று முதல் வரியைப் பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் அரை வரிதான் தெரியும். அதனால் அதே படத்தை வேறொரு நாளில் மலாய் வரியோடு தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளின் சண்டையை மலாயில் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, பன் வாங்க வரும் ஒரு மாணவியையே அக்கா பிடித்து வைத்திருக்கிறார். கூலி இரண்டு பன், விளிம்போடு.