கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டார்களா? நஷ்டம் உங்களுடையதல்ல... ஆனால், ஒரு நிபந்தனை!

நாகப்பட்டினம் பக்கம், கீழ்வேளூர் அருகே ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். சம்பா நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டார், பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. மகன் சென்னையில் ஐடி வேலை. பொங்கலுக்கு வந்த மகன், அப்பாவின் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் 48,000 ரூபாய் குறைகிறது. கவுன்டரில் ரொக்கமாக எடுக்கப்பட்டிருக்கிறது. "நான் அன்னைக்கு பேங்க் பக்கமே போகலையேப்பா" என்கிறார் அப்பா. கிளையில் போய்க் கேட்டால், வித்டிராயல் சலானைத் தேடி எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் அப்பாவின் பெயரில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது அவர் போட்டது இல்லை.

இந்த இடத்தில் மகன் செய்யக்கூடிய முதல் தவறு, கூகுளில் தேடி, "மூன்று நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும், இனி ஒன்றும் கிடைக்காது" என்று முடிவுகட்டுவது.

மூன்று நாள் கணக்கு இதற்கு இல்லை

மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை என்பது, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் வந்தது. அது மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு மட்டும். யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங், ஆதார் கைரேகை வைத்து எடுப்பது எல்லாம் அதில் அடங்கும். கவுன்டரில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்த பணம் அதில் வராது. 1930 என்ற சைபர் குற்ற எண்ணும் இதற்கானது இல்லை.

காகிதத்துக்கு வேறு சட்டம். பழைய சட்டம்தான், ஆனால் வாடிக்கையாளருக்கு இன்னும் சாதகமானது.

42 காசோலைகள் சொன்ன பதில்

மங்களூரில் கனரா வங்கிக் கிளை ஒன்றில் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்துக்கு நடப்புக் கணக்கு இருந்தது. கணக்குகளைப் பார்த்துவந்த, செக் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த ஊழியர், நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 காசோலைகளில் பணம் எடுத்தார். மொத்தம் 3,26,047 ரூபாய் சொச்சம். 1961-ல்தான் விஷயம் வெளியே வந்தது.

நிறுவனம் வழக்குப் போட்டது. வங்கியின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. "பாஸ் ஷீட் அனுப்பிக்கொண்டே இருந்தோம், ஆடிட்டரும் பார்த்தார், இத்தனை வருஷமாக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது உங்கள் அலட்சியம், நாங்கள் ஏன் தர வேண்டும்?"

1987 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. காரணம் எளிமையானது. வங்கியிடம் இருப்பது உங்களுக்குத் தர வேண்டிய கடன். உங்கள் உத்தரவு இருந்தால்தான் அந்தக் கடனைக் கழிக்கலாம். கையெழுத்து போலி என்றால் உத்தரவே இல்லை. அப்படியானால் கொள்ளை போனது வங்கியின் பணம். அந்தத் தொகையை உங்கள் கணக்கில் பற்று வைக்க வங்கிக்கு உரிமை கிடையாது. போலி எவ்வளவு அச்சு அசலாக இருந்தது, காசாளர் எவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பதெல்லாம் இதை மாற்றாது. பாஸ்புக்கைச் சரிபார்க்காமல் விட்டதும் மாற்றாது; அப்படி ஒரு கடமை வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டுமென்றால், அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அது காசோலை வழக்கு. வித்டிராயல் சலான் காசோலை இல்லைதான். ஆனால் 'உத்தரவு இல்லாமல் பற்று இல்லை' என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

அந்த ஒரு நிபந்தனை

தெரியாமல் இருந்தது குற்றமில்லை. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் சிக்கல். நிறுவனத்துக்கு மோசடி முன்பே தெரிந்திருந்தது என்று வங்கி நிரூபித்திருந்தால், மங்களூர் வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இதற்கு வருத்தமான முன்னுதாரணம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. கிரீன்வுட் என்பவரின் கணக்கிலிருந்து அவர் மனைவியே கையெழுத்தைப் போலியாகப் போட்டுப் பணம் எடுத்துவந்தார். 1929-ல் கணவருக்குத் தெரிந்துவிட்டது. சகோதரியின் வழக்குச் செலவுக்கு என்று மனைவி சொல்ல, அவர் வங்கிக்குச் சொல்லாமல் சுமார் எட்டு மாதம் இருந்தார். சொன்னது பொய் என்று தெரிந்து, வங்கிக்குப் போகப்போவதாகச் சொன்னதும் மனைவி உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு மார்ட்டின்ஸ் வங்கி மீது கணவர் போட்ட வழக்கு, பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. கையெழுத்து போலி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உடனே சொல்லியிருந்தால் வங்கி சட்டப்படி வசூலிக்கும் வாய்ப்பு இருந்திருக்கும். அவர் மவுனத்தால் அது போய்விட்டது என்பதுதான் காரணம்.

நம்மூரிலும் போலிக் கையெழுத்துப் போட்டவர் பல நேரம் வீட்டுக்குள்ளேயே இருப்பார். அண்ணன் மகன், மச்சான், வங்கி வேலைக்குக் கூட்டிப்போகும் பக்கத்து வீட்டுப் பையன். "பஞ்சாயத்துல பேசிக்கலாம், பேங்குக்கு ஏன் சொல்லணும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேசிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பேசிப்பார்த்து ஒத்துவராமல் ஆறு மாதம் கழித்து வங்கியிடம் போனால், "தெரிந்துதானே இருந்தீர்கள்" என்ற பதில் காத்திருக்கும்.

இன்னொன்றையும் அப்பாவிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். வெற்றுச் சலானில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்து வைத்திருந்தாரா? அப்படியானால் கையெழுத்து அசல்தான். அது போலிக் கையெழுத்து வழக்கு ஆகாது. வாங்கி வைத்திருந்தவர்மேல் நம்பிக்கை மோசடி புகார் தரலாம், வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம். இது தெரியாமல் புகார் எழுதிவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கணக்கு அப்பாவுடையது என்றால் கடிதமும் அவர் பெயரில், அவர் கையெழுத்தில் போக வேண்டும். மகன் கூட இருக்கலாம். கிட்டத்தட்ட இப்படி:

"கிளை மேலாளர் அவர்களுக்கு. என் சேமிப்புக் கணக்கு எண் ... இல் ... தேதியன்று ரூ. 48,000 ரொக்கமாக எடுக்கப்பட்டதாகப் பற்று வைக்கப்பட்டுள்ளது. அந்தச் சலானில் உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல. அன்று நான் கிளைக்கு வரவில்லை, யாருக்கும் அனுமதியும் தரவில்லை. இது எனக்கு ... தேதியன்று பாஸ்புக் பதிவின்போதுதான் தெரியவந்தது. அந்தச் சலானின் அசல், என் மாதிரிக் கையெழுத்து அட்டை, அன்றைய கேமரா பதிவு, பணம் வழங்கிய, ஒப்புதல் தந்த அலுவலர்களின் கணினிப் பதிவு ஆகியவற்றைப் பாதுகாத்து விசாரிக்க வேண்டுகிறேன். பற்று வைத்த தேதியையே மதிப்புத் தேதியாகக் கொண்டு தொகையை வட்டியுடன் திரும்ப வரவு வைக்கவும். முடிவை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

இதில் மூன்று விஷயம் முக்கியம். 'என் கையெழுத்து அல்ல' என்று நேராகச் சொல்லுங்கள். 'எடுத்ததாக ஞாபகம் இல்லை' என்று எழுதினால் அது வேறு பொருள். உங்களுக்குத் தெரியவந்த தேதியைப் போடுங்கள். மேலே சொன்ன மவுனப் பிரச்னைக்கு அதுதான் பதில். மதிப்புத் தேதியைக் கேட்காவிட்டால், திரும்ப வரவு வைக்கும் நாளிலிருந்துதான் வட்டி ஓடும்.

கேமரா பதிவை முதல் நாளே கேட்க வேண்டும். பழையதன் மேல் புதியது பதிவாகிக்கொண்டே போகும், சில மாதத்தில் அழிந்துவிடும். அசல் சலானை உங்களிடம் தர மாட்டார்கள், தரவும் கூடாது. பார்த்துக்கொள்ளுங்கள், நகல் கேளுங்கள். தடயவியல் ஆய்வில் அசல்தான் பேசும். பேனா எங்கே தயங்கி நின்றது, எங்கே தூக்கி வைக்கப்பட்டது, கோடு நடுங்குகிறதா என்பதெல்லாம் ஜெராக்ஸில் தெரியாது. ஒப்பிடுவதற்கு, அதே காலகட்டத்தில் அப்பா போட்ட மற்ற கையெழுத்துகளைத் திரட்டி வையுங்கள். கணக்கு தொடங்கியபோது கொடுத்த மாதிரி இருபது வருஷம் பழையதாக இருக்கலாம். வயதான கை மாறிவிடும், அதைக் காட்டி வங்கி குழப்ப இடமுண்டு.

கடிதத்தின் இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் வரக் கூடாது. வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, வங்கியின் குறைதீர் மின்னஞ்சலுக்கும் போடுங்கள்.

"எஃப்ஐஆர் கொண்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்"

இதைத்தான் முதலில் சொல்வார்கள். போலீஸ் புகார் கொடுக்க வேண்டியதுதான். பாரதிய நியாய சன்ஹிதாவில் போலி ஆவணம் தயாரிப்பது 336-ம் பிரிவு, அதை அசல்போலப் பயன்படுத்துவது 340. ஆனால் திருடன் பிடிபடும்வரை வங்கி காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. தவறு வங்கியுடையது என்றால் தயங்காமல் ஈடு செய்ய வேண்டும் என்பதே ரிசர்வ் வங்கி 2015 வாடிக்கையாளர் சேவைச் சுற்றறிக்கையில் சொன்னது. ஊழியரே மோசடி செய்தது தெரிந்தால், உடனே பொறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

பணம் தரும்போது, 'கையெழுத்து அசல் என்று பின்னால் தெரிந்தால் திருப்பித் தருகிறேன்' என உறுதிமொழி கேட்கலாம். அதைத் தருவதில் தப்பில்லை. 'இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது' என்ற வரி இருந்தால், தொகையும் வட்டியும் முழுசாக வந்ததா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. இதற்கும் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம். மாதிரிக் கையெழுத்துடன் பொருந்தாதது கண்ணுக்கே தெரிகிறது என்றால் இந்த வழி நல்லது. சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் தேவைப்படும் சிக்கலான புகாரை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். நுகர்வோர் ஆணையத்துக்கும் இந்த எல்லை உண்டு. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், மோசடி போன்ற கடும் தகராறுள்ள விஷயங்களைச் சுருக்க விசாரணையில் தீர்க்க முடியாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே போகும்போது, முதல் நாள் சீல் வாங்கிய அந்தப் பிரதி கையில் இருக்க வேண்டும்.

டெல்டாவில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பணம் போனது ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் என்றால், மக்கள் அதையும் 'பேங்க்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் வரம்பில் வராது. அதே கடிதத்தைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.